பட்ஜெட் கையெழுத்துக்காக ஒருவரைக் காக்க வைக்கும்போது

நேர்காணல்கள் முடிந்து, ஆளும் பிடித்துப்போய், "இவர்தான்" என்று குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு நிதித் துறையிலிருந்து ஒரு வரி வரும்: "இந்தப் பணியிடத்துக்கு இன்னும் ஒப்புதல் இல்லை." ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் மேலாளர்களுக்கு, குறிப்பாக மார்ச் மாதத்தில், இது பழகிப்போன வரி. அதன் பின் தேர்வானவருக்கு ஒரு செய்தி எழுத வேண்டும். இன்னும் சில நாள் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும். அவர் நம் மீது வைத்திருக்கும் நம்பிக்கையும் கெடக் கூடாது. நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறேன். இந்தச் செய்தியை எப்படி எழுத வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு தேர்வை முன்வைத்தே அதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வார்ப்பு, ரப்பர் பாகங்களைத் தரும் சப்ளையர்களின் தரத்தைக் கவனிக்க ஒரு பொறியாளர் தேவைப்பட்டார். இறுதிச் சுற்றில் நாங்கள் கேள்வித்தாள் எதுவும் வைப்பதில்லை. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய ஓர் அலுமினிய வார்ப்புப் பாகத்தை மேசை மேல் வைத்துவிட்டு, "இதில் என்ன தவறு, சப்ளையரிடம் என்ன கேட்பீர்கள்?" என்று கேட்போம். பெரும்பாலானவர்கள் வெளிப்பரப்பில் தெரியும் ஓட்டையைச் சுட்டிக்காட்டிவிட்டு அறிக்கை எழுதுவதைப் பற்றிப் பேசுவார்கள். ஓசூரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் பாகத்தைக் கையில் திருப்பிப் பார்த்து, "இதை இந்த இடத்தில் வெட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் சேரும் இடம் அது. உலோகம் உறையும்போது உள்ளே சுருங்கி ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். அவரைத் தேர்ந்தெடுக்க எங்கள் குழுவுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவர் இருந்த நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் 60 நாள். மார்ச் இறுதியில் ராஜினாமா கொடுத்தால் ஜூன் 1-ஆம் தேதிதான் எங்களிடம் சேர முடியும். பணியிடமோ நடப்பு நிதியாண்டின் பட்ஜெட்டில் இருந்தது. ஆண்டு மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அவருக்கான சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட அந்த ஆண்டின் கணக்கில் விழாது. ஆகவே நிதித் துறை கேட்டது நியாயமான கேள்வி: இந்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல யார் அனுமதி கொடுத்தார்கள்? அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பணியிடத்துக்கு ஆண்டுச் செலவாக 14 லட்சம் ஒதுக்கியிருந்தோம். அவர் எதிர்பார்த்தது 15.6 லட்சம்.

ஒப்புதல் தாமதம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் பல வகை உண்டு. தேர்வானவருக்கு என்ன எழுதலாம் என்பது அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. பணம் இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூரில் இருக்கிறார் என்றால் அது நாள் கணக்கு. அவர் திரும்பியதும் தீரும். ஒதுக்கிய தொகையைவிடக் கேட்ட தொகை அதிகம் என்றால் பணியிடம் உறுதி, தொகைதான் உறுதியில்லை. பணியிடமே அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டும் என்றால் ஆளே எடுக்காமல் போகும் வாய்ப்பும் இருக்கிறது. நிர்வாகம் புதிய நியமனங்களையே நிறுத்தி வைத்திருக்கிறது என்றால் அதைத் தாமதம் என்று சொல்வதே தவறு; அந்த நிலையில் ஒருவரைக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. இந்த நான்கையும் "உள் ஒப்புதல் நிலுவையில் உள்ளது" என்ற ஒரே சொற்றொடருக்குள் போட்டு மூடிவிடுகிறோம். அந்தப் பக்கம் இருப்பவர் தன் பயத்துக்கு ஏற்றபடி அதைப் படித்துக்கொள்கிறார்.

அதனால் தேர்வானவருக்கு எழுதும் முன் நான் நிதித் துறை மேலாளரின் இடத்துக்கு நேரில் போவேன். மின்னஞ்சலில் கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில்தான் வரும். நேரில் போய், "சார், இதில் இன்னும் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும்? யாரிடம் இப்போது நிற்கிறது? எந்தக் கூட்டத்தில் வருகிறது?" என்று கேட்டால் மனிதர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். அந்த வியாழக்கிழமை காலையில் எனக்குக் கிடைத்த பதில் இது: எடுத்துச் செல்லும் பணியிடங்கள் எல்லாம் திங்கள்கிழமைக் கூட்டத்தில் ஒன்றாகப் பார்க்கப்படும். நிதித் தலைவரும் ஆலைத் தலைவரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். எங்கள் பணியிடம் பட்டியலில் இருக்கிறது. வெட்டப்பட வேண்டியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

அங்கேயே ஒரு கணக்கையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். 15.6 லட்சம் என்றால் மாதத்துக்கு 1.3 லட்சம். ஜூனில் சேர்ந்தால் அடுத்த நிதியாண்டில் பத்து மாதச் சம்பளம்தான், அதாவது 13 லட்சம். ஒதுக்கிய 14 லட்சத்துக்குள் முதல் ஆண்டு அடங்கிவிடுகிறது. அதற்கடுத்த ஆண்டில் முழுத் தொகையும் வரும் என்று அவர் உடனே சொன்னார்; அது சரிதான். ஆனாலும் கூட்டத்தில் இந்தப் பெயர் வரும்போது பேச ஒரு எண் அவர் கையில் இருக்க வேண்டும். தேர்வானவரைக் காத்திருக்கச் சொல்லும் மேலாளர், அந்தக் காத்திருப்பைக் குறைக்கத் தன் பங்குக்கு எதையாவது செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செய்யாமல் எழுதும் செய்தியில் அந்த வெறுமை தெரிந்துவிடும்.

இனி அந்தச் செய்தி. எச்.ஆர். பிரிவில் எப்போதும் ஒரு தயார் வரைவு இருக்கும். அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் அது ஒரே மாதிரிதான்:

> "உங்கள் பொறுமைக்கு நன்றி. உங்கள் விண்ணப்பம் இறுதிக் கட்டத்தில் உள்ளது. சில உள் நடைமுறைகள் நிறைவடைய வேண்டியுள்ளது. விரைவில் தொடர்புகொள்கிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. இருந்தும் படிப்பவருக்கு இது எதையும் சொல்லவில்லை. தேர்வாகிவிட்டோமா, இல்லை இன்னொருவரோடு ஒப்பிடுகிறார்களா என்று தெரியவில்லை. என்ன நடைமுறை, யாருடையது என்று தெரியவில்லை. "விரைவில்" என்றால் நாளையா, அடுத்த மாதமா? வேலை தேடிய அனுபவம் உள்ள எவரும் இந்த வரிகளை நாகரிகமான மறுப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் சேர்ந்துவிட்டால் அவர் மீது குறை சொல்ல இடமில்லை.

எதிர்த் திசையில் போவது இதைவிட ஆபத்து. ஆளை இழந்துவிடுவோம் என்ற பதற்றத்தில் சில மேலாளர்கள், "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், இது வெறும் சம்பிரதாயம், கவலையே படாதீர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கைகுலுக்கும் படமும் போகும். அதை நம்பி அந்த மனிதர் மறுநாள் ராஜினாமா கொடுத்துவிடுவார். திங்கள்கிழமைக் கூட்டத்தில் பணியிடம் வெட்டப்பட்டால் நிறுவனத்துக்கு நஷ்டம் ஒரு காலி நாற்காலி. அவருக்கோ மாதத் தவணையும் வீட்டு வாடகையும். ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் பெரும்பாலும் முதலாளியின் தயவைப் பொறுத்தது. திரும்பப் பெற்றாலும், வெளியே போக நினைத்தவர் என்ற பெயர் இன்கிரிமென்ட் பேசும் நாள் வரை கூடவே வரும். கையெழுத்து என்பது மறுக்கப்படக்கூடிய ஒன்று. அதைச் சம்பிரதாயம் என்று எழுத எந்த மேலாளருக்கும் உரிமை இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் செய்தியில் முடிவானது தனியாகவும் முடிவாகாதது தனியாகவும் தெரிய வேண்டும். நான் முதலில் தொலைபேசியில் பேசுவேன், பிறகு அதே விஷயத்தை எழுத்தில் அனுப்புவேன். குரலில் கேட்டால்தான் கேள்வி கேட்பார்கள். எழுத்தில் இருந்தால்தான் வீட்டில் காட்டிப் பேச முடியும். அனுப்பும் முன் எச்.ஆர். பிரிவிடம் வாசகத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவேன். நான் ஒன்று சொல்லி அவர்கள் வேறொன்று சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும். எங்கள் அலுவலக வழக்கப்படி மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போனது. பேசியது முழுவதும் தமிழில். அதில் இருந்தது இதுதான்:

> "வணக்கம். இன்று பேசியதை எழுத்தில் தருகிறேன். இந்தப் பணிக்கு எங்கள் குழு உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. வார்ப்புப் பாகத்தை எங்கே வெட்டிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்ட விதமே முக்கியக் காரணம். இனி நேர்காணல் எதுவும் இல்லை.
>
> முடிவாகாதது பட்ஜெட். நீங்கள் ஜூனில் சேர்வதால் இந்தப் பணியிடம் அடுத்த நிதியாண்டுக்கு மாற்றப்பட வேண்டும். நீங்கள் கேட்ட தொகையும் ஒதுக்கியதைவிட அதிகம். இரண்டும் திங்கள்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். ஒப்புதல் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன், ஆனால் அந்த முடிவு என் கையில் இல்லை. தொகை குறையவும் வாய்ப்பு உண்டு.
>
> செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குள் நானே உங்களை அழைக்கிறேன். முடிவு வந்தாலும் வராவிட்டாலும் அழைப்பேன்.
>
> கையெழுத்திட்ட ஆஃபர் கடிதம் உங்கள் கைக்கு வரும் வரை தயவுசெய்து ராஜினாமா கொடுக்க வேண்டாம், வேறு வாய்ப்பு எதையும் மறுக்கவும் வேண்டாம். அதற்குள் வேறு முடிவு எடுக்க வேண்டி வந்தால் எனக்கு ஒரு வரி தெரியப்படுத்துங்கள், அது போதும்."

"ஒப்புதல் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்" என்ற பகுதி வேண்டுமா என்று எச்.ஆர். பிரிவில் கேட்டார்கள். வேண்டும் என்றேன். என் கணிப்பைச் சொல்லாமல் மறைத்தால் அவர் அதைக் குரலிலிருந்து ஊகிக்கப் பார்ப்பார், ஊகம் எப்போதும் தப்பாகப் போகும். ஆனால் கணிப்பைச் சொல்ல எனக்கு ஓர் அடிப்படை இருந்தது: எங்கள் பணியிடம் பட்டியலில் இருந்தது, வெட்டக் குறிக்கப்படவில்லை. அந்தத் தகவல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை என்று ஏன் சொன்னேன் என்பதையும் விளக்க வேண்டும். கூட்டம் திங்கள்கிழமை. திங்கள் மாலை என்று சொல்லியிருந்தால் கூட்டம் இழுத்துக்கொண்டு போன அன்றே என் வாக்கு பொய்த்திருக்கும். ஒப்புதல் வரும் நாளை என்னால் வாக்களிக்க முடியாது, அது அடுத்தவர் பேனாவில் இருக்கிறது. நான் அழைக்கும் நாளை வாக்களிக்க முடியும், அது என் கையில் இருக்கிறது. செய்தி எழுதும் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். "செவ்வாய்க்குள் முடிந்துவிடும்" என்று எழுதிவிட்டு, முடியாதபோது வெட்கப்பட்டு மௌனமாகிவிடுகிறார்கள். தாமதத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காரணத்தை எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. எங்களுடையது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். மார்ச் காலாண்டு எப்படிப் போகிறது, எந்த வாடிக்கையாளர் ஆர்டரைக் குறைத்தார் என்பவையெல்லாம் முடிவுகள் வெளியாகும் வரை வெளியாரிடம் பேசக் கூடாத விஷயங்கள். செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிகள் அதில் கண்டிப்பானவை. தேர்வானவரோ இன்னும் வெளியார்தான். அனுதாபம் தேடி, "இந்தக் காலாண்டு விற்பனை சரியில்லை, அதனால்தான் இழுக்கிறார்கள்" என்று வாய் தவறிச் சொல்வது நடக்கக்கூடியது. அவருக்குத் தேவையானது நிறுவனத்தின் வரவுசெலவு அல்ல. தன் விஷயம் எந்தக் கட்டத்தில், எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும்.

தொலைபேசியில் இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மேடம், புனேயில் இருந்து ஒரு ஆஃபர் கையில் இருக்கிறது. நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் அங்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மேலாளர் சொல்லும் பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "சொல்லிவிடுங்கள்" என்பது நமக்கு வசதியான பதில். "அது உங்கள் விருப்பம்" என்பது பாதுகாப்பான பதில், ஆனால் கேட்டவரைத் தனியாக விட்டுவிடும். நான் சொன்னது: "வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எங்கள் கடிதம் இல்லாமல் உங்கள் கையில் இருப்பதை விடாதீர்கள். அவர்களிடம் அடுத்த புதன்கிழமை வரை நேரம் கேட்டுப் பாருங்கள். ஊர் மாறும் முடிவு, வீட்டில் பேச வேண்டும் என்பதே உண்மையான காரணம்தானே. அவர்கள் கொடுக்கவில்லை என்றால், எனக்காக அதை இழக்க வேண்டாம். நீங்கள் அங்கே சேர்ந்தால் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது."

அங்கே எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த உரையாடலின் நிறமே மாறியிருக்கும். ஆலோசனை சொல்பவளாக இருந்தவள் பேரம் பேசுபவளாக ஆகியிருப்பேன். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஒப்புதலுக்கு அது உதவும் என்றால், "இதை நிதித் துறையிடம் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். அவர் சொல்லவில்லை. புனேக்காரர்கள் புதன் மாலை வரை நேரம் கொடுத்தார்கள் என்று மட்டும் மறுநாள் செய்தி அனுப்பினார்.

அந்தத் தகவலை உடனே நிதித் துறைக்குக் கொண்டு போனேன். காத்திருப்பவருக்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது என்பது ஒப்புதல் தருபவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர்களுக்கு இது இன்னொரு காகிதம்தான். ஆனால் இல்லாத நெருக்கடியை உருவாக்கிச் சொல்லக் கூடாது. ஒருமுறை அப்படிச் செய்தால் அடுத்த முறை உண்மையான நெருக்கடியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் பணியிடத்தை எடுத்துச் செல்ல அனுமதி கிடைத்தது. நிதித் தலைவர் கையெழுத்துப் போட்டார். தொகையைப் பற்றி ஆலைத் தலைவர் மறுநாள் பார்ப்பதாகச் சொன்னார். செவ்வாய் மாலை நான்கு மணிவரை எதுவும் வரவில்லை. இந்த இடத்தில்தான், "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம், நல்ல செய்தியோடு அழைக்கலாமே" என்ற ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் ஐந்து மணி தாண்டிவிடும், பிறகு ஆறு, பிறகு நாளை. நாலரைக்கு அழைத்தேன். இரண்டில் ஒன்று முடிந்தது, ஆளை எடுப்பது உறுதி, தொகை மட்டும் பாக்கி, நாளை மதியம் 2 மணிக்கு மீண்டும் அழைக்கிறேன் என்றேன். பேசி முடிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. "அழைத்ததற்கு நன்றி மேடம், காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

காத்திருப்பவரின் நாள் எப்படிப் போகிறது என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். நமக்கு அது பத்து வேலைகளில் ஒன்று. வேலை நேரத்தில் அழைத்தால் அவர் தன் மேலதிகாரிக்குத் தெரியாமல், ஓசூர்த் தொழிற்சாலையின் படிக்கட்டில் நின்று அந்த அழைப்பை எடுக்க வேண்டியிருக்கும். அதனால் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அழைப்பது நல்லது. அவருடைய ஷிப்ட் முடிவது நாலேகாலுக்கு என்று முன்பே சொல்லியிருந்தார். நாலரை என்று நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் காரணம். இதே காரணத்தால் வெள்ளிக்கிழமை மாலையில் "தாமதமாகிறது" என்ற செய்தியை நான் அனுப்புவதே இல்லை. கேள்வி கேட்கவோ பதில் பெறவோ ஆள் இல்லாமல் இரண்டு நாள் அவர் அதோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

புதன்கிழமை ஒப்புதல் வந்தது, 15.2 லட்சத்துக்கு. கேட்டதைவிட 40 ஆயிரம் குறைவு. காத்திருந்தவரிடம் குறைந்த தொகையைச் சொல்வது தர்மசங்கடம்தான். முதல் செய்தியிலேயே "தொகை குறையவும் வாய்ப்பு உண்டு" என்று எழுதியிருந்ததன் பயன் அப்போது தெரிந்தது. அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், காக்க வைத்துக் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கிறார்கள் என்றே அவர் எடுத்துக்கொண்டிருப்பார். காத்திருந்தவருக்கு மறுக்கும் தெம்பும் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். நான் தொகையை அழைப்பின் முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். ஏன் குறைந்தது என்றும் சொன்னேன்: அதே நிலையில் ஏற்கெனவே வேலை செய்யும் இருவரின் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது ஆலைத் தலைவரின் முடிவு. இதற்கு மேல் பேச எனக்கு இடமில்லை என்பதையும் சொல்லிவிட்டு, மாலை வரை யோசிக்கச் சொன்னேன். புனேயின் கடைசி நேரமும் மாலைதான், ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. ஆஃபர் கடிதத்தை எச்.ஆர். பிரிவு மூன்று மணிக்கே அனுப்பிவிட்டது. எழுத்தில் இல்லாத தொகையோடு எழுத்தில் இருக்கும் தொகையை ஒப்பிடச் சொல்வது நியாயம் இல்லை. ஆறு மணிக்கு அவர் கையெழுத்திட்டு அனுப்பினார். ராஜினாமா அதற்கு மறுநாள்.

எல்லா முறையும் இப்படி முடிவதில்லை. ஒரு வருடம் இதே போன்ற கூட்டத்தில் எங்கள் பணியிடம் ஒரு வாரம் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு வாரம். காலக்கெடுவை ஒருமுறை நீட்டலாம் என்பது என் கணக்கு. காரணம் புதியதாகவும் குறிப்பிட்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டாம் முறையும் அதே காரணத்தோடு தள்ளிப்போனால், நிர்வாகம் இல்லை என்று சொல்லத் தயங்குகிறது என்றுதான் பொருள். இதற்கு அடையாளங்கள் உண்டு. நிதித் துறை தேதி சொல்வதை நிறுத்திவிடும். "இந்த வேலையை இருப்பவர்களை வைத்தே பார்க்க முடியாதா?" என்ற கேள்வி எழும். வேறு துறைகளிலும் ஆள் எடுப்பது நின்றிருக்கும். இவை தெரிந்த பிறகும் ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது நாமே அறிந்து செய்யும் தீங்கு.

அந்த வருடம் நான் தேர்வானவரை அழைத்து, "இந்தப் பணியிடத்துக்கு இப்போது ஒப்புதல் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. எங்களுக்காக நீங்கள் இனி காத்திருக்க வேண்டாம்" என்றேன். "அடுத்து இடம் வந்தால் முதல் அழைப்பு உங்களுக்குத்தான்" என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னது எச்.ஆர். பிரிவு. அதைச் சேர்க்கவில்லை. அடுத்த இடம் எப்போது வரும், அப்போது நான் இந்தப் பொறுப்பில் இருப்பேனா என்று எனக்கே தெரியாது. அதற்குப் பதிலாக, அவர் சம்மதத்தோடு, சப்ளையர் தரத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த இன்னொரு தொழிற்சாலையின் மேலாளருக்கு அவருடைய விவரங்களை அன்றே அனுப்பினேன். இறுதிச் சுற்றில் அவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதையும் இரண்டு வரியில் எழுதியிருந்தேன். அந்த மேலாளர் அவரை அதே வாரத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்.